பதினொரு கிலோவாட் மோட்டார் என்றால் பதினொரு கிலோவாட் சூடா?

கேள்வி: "திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடியாக மால் கட்டுகிறோம். தளத்துக்குத் தளம் 5 மீட்டர். ஏற ஒன்று, இறங்க ஒன்று என மொத்தம் 6 எஸ்கலேட்டர். ஒரு மீட்டர் அகலப் படி, 11 கிலோவாட் மோட்டார். மணிக்கு 9000 பேர் போகலாம் என்கிறார் சப்ளையர். தீபாவளி நேரத்தில் மணிக்கு 4000 பேர் மேலே ஏறுவார்கள் என்பது எங்கள் கணக்கு. எஸ்கலேட்டர் சூட்டுக்காக மட்டும் 19 டன் ஏசி கூட்ட வேண்டும் என்கிறார் ஏசி கான்ட்ராக்டர். இது சரியா? டிராலிக்கு நகரும் நடைபாதை வேண்டுமா?"

பதில்: ஏசிக்காரர் கூடுதலாகச் சொல்கிறார். சப்ளையரும் கூடுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதை நம்பினால் உங்கள் கூட்டம் தரைத்தளத்திலேயே நின்றுவிடும். அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

9000 என்பது காகிதக் கணக்கு. படி ஒன்றின் ஆழம் 40 சென்டிமீட்டர், வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 4500 படிகள் வெளியே வரும். ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் ஒட்டி நின்றால் 9000. ஐரோப்பியத் தரமான EN 115-கூட இதே அகலத்துக்கும் வேகத்துக்கும் 6000 பேர் என்றுதான் சொல்கிறது. நம் ஊர்த் தீபாவளிக் கூட்டத்துக்கு நான் அதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன். அம்பாசமுத்திரம், ஆலங்குளம், நாங்குநேரி பக்கமிருந்து குடும்பத்தோடு வருவார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பிள்ளை. படியில் கால் வைக்கத் தயங்கும் பாட்டி ஒருவர் நின்றால் பின்னால் ஐந்தாறு படிகள் காலியாகவே மேலே போகும். எனவே நான்கு படிக்கு மூன்று பேர் என்று வைப்பேன். மணிக்கு ஏறத்தாழ 3400 பேர்.

உங்கள் 4000 பேரும் சீராக வரமாட்டார்கள். கால் மணிக்கு ஆயிரம் என்பது சராசரி. மாலை உச்சத்தில் அது 1300 ஆகும் என்று வையுங்கள். ஒரு எஸ்கலேட்டர் அந்தக் கால் மணியில் 850 பேரைத்தான் ஏற்றும். மிச்சம் 450 பேர் அதன் அடியில் நிற்பார்கள். சதுர மீட்டருக்கு மூன்று பேர் நின்றால்கூட 150 சதுர மீட்டர் இடம் வேண்டும். அந்த இடத்தில் உங்கள் திட்டப்படி கடைகள் இருக்கும்.

வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் வேகமான படியில் ஏற இன்னும் தயங்குவார்கள், லாபம் அங்கேயே கரைந்துவிடும். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று போடுங்கள். மாலையில் இரண்டு ஏறும், ஒன்று இறங்கும். இரவு கடை சாத்தும் நேரத்தில் நடுவில் உள்ளதை, ஆளே இல்லாதபடி காலியாக்கி நிறுத்திய பிறகு, சாவியைத் திருப்பி இறங்க விடலாம். முதல் மாடியிலேயே பாதிப் பேர் பிரிந்துவிடுவார்கள் என்றால், அதற்கு மேல் ஒரு ஜோடி போதும். ஆக மொத்தம் ஏழு.

இப்போது மோட்டார். ஒருவரைப் பையோடு 75 கிலோ என்று வைத்தால், மணிக்கு 6000 பேரை 5 மீட்டர் தூக்க சுமார் 6.1 கிலோவாட் வேண்டும். கியர், சங்கிலி, கைப்பிடிப் பட்டை ஆகியவற்றின் உராய்வுக்கு இன்னொரு 2 முதல் 2.5 கிலோவாட். 11 கிலோவாட் மோட்டார் சரியான அளவுதான், அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். படி நிறைய ஆள் நிற்கும் ஒரு நிமிடத்துக்கும் அது ஈடுகொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த 11 எப்போதும் மின்சாரமாக உள்ளே போவதில்லை, போவது முழுக்கச் சூடாகவும் மாறுவதில்லை. ஏசிக்காரர் 6 × 11 = 66 கிலோவாட் என்று போட்டு, ஒரு டன்னுக்கு 3.517 கிலோவாட் என்று வகுத்து 19 டன் கொண்டுவந்திருக்கிறார். ஏறும் எஸ்கலேட்டர் ஆட்களைத் தூக்கச் செலவிடும் ஆற்றல் அங்கே சூடாக வெளிவராது. அது அந்த ஆட்களின் உயரத்தில் இருக்கிறது. 3400 பேர் ஏறும்போது தூக்கும் வேலைக்கு 3.5 கிலோவாட் போகும். உராய்வில் போகும் 2.5 மட்டுமே ஏசிக்கு வரும் சூடு.

அந்த 3.5 இறங்கும்போது கணக்குத் தீர்க்கும். நிறைந்த வாளியைக் கிணற்றில் இறக்கும்போது கயிற்றை இழுக்க வேண்டாம், விடாமல் பிடித்தால் போதும். அதேபோல இறங்கும் எஸ்கலேட்டரில் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பிடித்துக்கொள்ளும். ஆட்கள் கொடுக்கும் 3.5 கிலோவாட்டில் உராய்வு 2 அளவுக்குத் தின்றுவிடும். மிச்சம் 1.5 எங்கே போகிறது என்பதுதான் சப்ளையரிடம் கேட்க வேண்டியது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவ் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வகை என்றால் அது உங்கள் விளக்குக்கோ ஏசிக்கோ பயன்படும். பிரேக் ரெசிஸ்டர் வைத்த டிரைவ் என்றால் அந்தப் பெட்டியில் சூடாகக் கொட்டும்.

நான்கு ஏறுகின்றன, மூன்று இறங்குகின்றன. ஏறுபவை தலா 2.5, இறங்குபவை தலா 2 முதல் 3.5. கூட்டினால் 16 முதல் 20.5 கிலோவாட், அதாவது ஐந்து அல்லது ஆறு டன். ஏழும் உச்சக் கூட்டத்தில் ஓடும்போது இது. கூட்டமில்லாத நேரத்தில் மெதுவாக ஓடும் வசதி இருந்தால் இன்னும் குறையும். மிச்சம் பிடித்த டன்னைக் கூட்டத்தின் கணக்கில் போடச் சொல்லுங்கள். கடையில் நின்று நடக்கும் ஒருவர் சுமார் 130 வாட் சூடு தருகிறார். உள்ளே 1500 பேர் இருந்தால் 195 கிலோவாட், 55 டன். உங்கள் ஏசியைத் திணறடிக்கப்போவது அதுதான்.

மொத்தம் குறைவு என்றாலும் எஸ்கலேட்டர் சூடு ஒரே இடத்தில் சேரும். மோட்டார், கியர், கன்ட்ரோல் போர்டு எல்லாம் பெரும்பாலும் மேல் முனையில் தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கும். இன்டீரியர்காரர் அழகுக்காக அடிப்பகுதியை ஜிப்சம் பலகையால் இறுக மூடிவிடுவார். சாதாரண மோட்டார்கள் 40 டிகிரி சுற்றுச்சூட்டுக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. மே மாத நெல்லையில் அடைத்த பெட்டிக்குள் அதைத் தாண்டச் சிரமமில்லை. காலையில் நன்றாக ஓடி, மாலைக் கூட்டத்தில் மட்டும் நின்று, அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடினால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மேல் தகடு வெதுவெதுப்பாக இருப்பதும் எண்ணெய் கருகிய வாடையும் கூடவே வரும். அந்த முனையில் 1.5 கிலோவாட் சூட்டை 10 டிகிரி ஏற்றத்துக்குள் வெளியேற்ற மணிக்கு 450 கன மீட்டர் காற்று போதும். காற்று உள்ளே வர ஒரு கிரில், வெளியேற ஒரு கிரிலும் சின்ன விசிறியும். வரைபடத்தில் இப்போதே குறித்துவிடுங்கள்.

டிராலி விஷயம். டிராலி போகும் நடைபாதை 12 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. 5 மீட்டர் ஏற 23.5 மீட்டர் நீளம், இரு முனைகளையும் சேர்த்தால் 28 மீட்டருக்குக் குறையாது. எஸ்கலேட்டருக்கு இதில் பாதி போதும். மேலும் டிராலிகள் ஏறினால் கொள்ளளவு சுமார் 80 சதவீதம் குறையும் என்று அதே EN 115 தரம் சொல்கிறது, 6000 என்பது 1200 ஆகிவிடும். மளிகை சூப்பர்மார்க்கெட்டைத் தரைத்தளத்தில் வையுங்கள், நடைபாதையே தேவைப்படாது.

ஒவ்வொரு எஸ்கலேட்டரின் மேல் முனையிலும் குறைந்தது 2.5 மீட்டர் காலி இடம் விதிப்படி வேண்டும். சேலைப் பொம்மையைப் பார்த்து அங்கேயே நிற்கும் கூட்டத்துக்கு 5 மீட்டர் விடச் சொல்வேன். முன்னால் நிற்பவர் நகராவிட்டாலும் படி நிற்காது, பின்னால் வருபவர் மேலே விழுவார். இந்தியத் தேசியக் கட்டடக் கோட்பாடு எஸ்கலேட்டரை அவசர வழியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே மூன்றாவதைச் சேர்த்துவிட்டோம் என்று படிக்கட்டின் அகலத்தைச் சுருக்கினால் தீயணைப்புத் துறை அனுமதியில் வரைபடம் திரும்பி வரும்.