ஸ்கோலியோசிஸ் எக்ஸ்ரேயில் எழுதியிருக்கும் டிகிரி எப்படி வருகிறது, வளரும் பிள்ளைக்கு அதன் பொருள் என்ன?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. மார்ச்சில் எடுத்த முதுகு எக்ஸ்ரேயின் ரிப்போர்ட்டில் டி6 முதல் டி11 வரை 19 டிகிரி என்று இருந்தது. ஆகஸ்டில் வேறு இடத்தில் எடுத்ததில் டி5 முதல் டி12 வரை 25 டிகிரி என்கிறார்கள். ஐந்தே மாதத்தில் 6 டிகிரி கூடுமா? பிரேஸ் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். டி6, டி11 என்பவை மார்புப் பகுதி முள்ளெலும்புகளின் வரிசை எண்கள்; இரண்டு ரிப்போர்ட்டிலும் அளந்த முள்ளெலும்புகள் வேறு வேறு என்பதால், அந்த இரண்டு எண்களை நேருக்கு நேர் கழித்துப் பார்க்க முடியாது. ஆனால் முதுகு மேலும் வளையாமல் பிடித்துவைக்க உடலில் அணியும் பிரேஸ் பற்றிய கேள்விக்கு விடை அந்தக் கழித்தலில் மட்டும் இல்லை. நான் எலும்பு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக் காலத்தில் இதே இடத்தில் நானே தவறியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதையே ஸ்கோலியோசிஸ் என்கிறோம். அந்த வளைவை அளக்கும் காப் கோணம்தான் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது. ஜான் ராபர்ட் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948இல் விளக்கிய முறை இது. இன்றுவரை உலகெங்கும் இதையே பயன்படுத்துகிறோம். பிள்ளையை நேராக நிற்கவைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்தால் உடலின் எடை முதுகின்மீது இறங்காததால் வளைவு குறைவாகத் தெரியும். கதிர் முதுகுப் பக்கமிருந்து நுழையும்படி எடுப்பது வழக்கம். வளரும் பெண்ணின் மார்பகத்தில் விழும் கதிர்வீச்சு அதனால் குறைகிறது.

படம் கையில் வந்ததும் முதலில் வளைவின் இரு முனைகளைத் தேட வேண்டும். வளைவின் நடுவில் இருக்கும் முள்ளெலும்பு நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகியிருக்கும். ஆனால் அது ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருக்கும். அங்கிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு முள்ளெலும்பும் சிறிது சிறிதாகச் சாய்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் சாய்வு உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் குறையத் தொடங்கும். அப்படி அதிகம் சாய்ந்திருப்பதுதான் மேல் முனை. கீழேயும் அவ்வாறே, எதிர்த் திசையில் அதிகம் சாய்ந்திருப்பது கீழ் முனை. மேல் முனை முள்ளெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடும், கீழ் முனை முள்ளெலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி இன்னொரு கோடும் போட்டால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே காப் கோணம். சிறிய வளைவுகளில் இந்தக் கோடுகள் படத்துக்கு வெளியே வெகுதூரம் போய்த்தான் சந்திக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அவை வெட்டும் இடத்தில் அளப்போம். இப்போது கணினித் திரையில் நான்கு புள்ளிகள் வைத்தால் கோணம் தானாக வந்துவிடும். ஆனால் புள்ளியை எந்த முள்ளெலும்பில் வைப்பது என்ற முடிவு அளப்பவருடையதே.

எளிதாகச் சொன்னால், காப் கோணம் என்பது இரண்டு சாய்வுகளின் கூட்டுத்தொகை: மேல் முனை ஒரு பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, கீழ் முனை மறுபக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதைக் கூட்டிக்கொள்கிறோம். முனையைத் தவறாகப் பிடித்தால் விடை எப்போதும் குறைவாகவே வரும் என்பது இதிலிருந்து புரியும்.

இனி என் தவறு. 11 வயதுப் பெண் ஒருத்தி, வலப்பக்கம் புடைத்த மார்பு வளைவோடு வந்தாள். கையில் இருந்த பழைய ரிப்போர்ட்டில் 17 டிகிரி. அன்று எடுத்த படத்தை நான் டி5இலிருந்து டி12 வரை அளந்தேன், 23 வந்தது. "ஐந்து மாதத்தில் 6 டிகிரி ஏறியிருக்கிறது" என்று தாயிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. என் மூத்த மருத்துவர் ரிப்போர்ட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய பிலிமை உறையிலிருந்து எடுத்து ஒளிப்பெட்டியில் மாட்டினார். முதலில் அளந்தவர் டி6ஐயும் டி11ஐயும் முனைகளாகக் கொண்டிருந்தார், அவற்றின் சாய்வு 9, 8, ஆக 17. அதே பிலிமில் டி5இன் சாய்வு 11, டி12இன் சாய்வு 10, ஆக 21. என்னுடைய புதிய படத்தில் அதே முள்ளெலும்புகள் 12, 11, ஆக 23. நான் 6 என்று அறிவித்தது உண்மையில் 2.

அந்த 2 டிகிரிக்கும் பொருள் இல்லை. ஒரே படத்தை ஒரே மருத்துவர் ஒரு வாரம் கழித்து அளந்தாலே சில டிகிரி மாறும். வேறொருவர் அளந்தால் இன்னும் சற்று மாறும். காலையில் எடுத்த படத்துக்கும் நாள் முழுவதும் நின்று நடந்தபின் மாலையில் எடுத்த படத்துக்கும்கூட வேறுபாடு உண்டு. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டுதான், ஒரே முள்ளெலும்புகளுக்கிடையே அளந்து 5 டிகிரிக்கு மேல் ஏறினால் மட்டுமே வளைவு கூடியதாக ஏற்கிறோம். 10 டிகிரிக்குக் குறைந்த வளைவை ஸ்கோலியோசிஸ் என்றே சொல்லாததற்கு இந்தத் தடுமாற்றமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, மார்ச் மாதப் படத்தை, ரிப்போர்ட் தாளை அல்ல, படத்தையே வாங்கிவந்து, இரண்டையும் ஒரே மருத்துவரிடம் கொடுத்து, டி5 முதல் டி12 வரை அளந்து சொல்லுங்கள் என்று கேட்பது. இதற்காகப் புதிய எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த அளவீட்டில் வளைவு கூடவில்லை என்றே தெரியவந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. என் மூத்த மருத்துவர் அன்று எனக்குச் சொன்னதும் இதுதான்: "ஏறவில்லை என்பது சரி. இனி ஏறாது என்று யார் சொன்னது? இடுப்பைப் பார்."

இடுப்பு என்று அவர் சொன்னது ரிஸ்ஸர் குறியை. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், வளரும் வயதில் ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியாது. வளர்ச்சி முடியும் தறுவாயில் அது வெளிப்புறத்திலிருந்து முதுகெலும்பை நோக்கி மெல்ல மெல்ல எலும்பாக மாறி, பிறை போன்ற கோடாகத் தெரியத் தொடங்கும். கோடே தெரியாவிட்டால் ரிஸ்ஸர் 0. விளிம்பின் கால் பங்கு வரை வந்திருந்தால் 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, முழுவதும் வந்தால் 4. இடுப்பெலும்போடு ஒட்டிவிட்டால் 5. முதுகு எக்ஸ்ரேயில் இடுப்பின் மேல் விளிம்பும் விழும்படி எடுக்கச் சொல்வது இதற்காகவே.

இந்தக் குறி ஏன் முக்கியம் என்பதை 1984இல் லோன்ஸ்டீன், கார்ல்சன் இருவரும் வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. 20 முதல் 29 டிகிரி வளைவுள்ள பிள்ளைகளில், ரிஸ்ஸர் 0 அல்லது 1இல் இருந்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியது. அதே அளவு வளைவோடு ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கே கூடியது. ஆக 25 டிகிரி என்ற எண் 12 வயதில் ஒரு பொருளும் 16 வயதில் வேறு பொருளும் தருகிறது. வளர்ச்சி முடியும்போது 30 டிகிரிக்குள் நின்றுவிட்ட வளைவு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். 50ஐத் தாண்டிய மார்பு வளைவோ வளர்ச்சி நின்றபிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகக்கூடும். 45, 50 என்ற எல்லையில் அறுவை சிகிச்சைப் பேச்சு எழுவது அதனால்தான்.

ரிஸ்ஸருக்கும் ஒரு குறை உண்டு. பெண்கள் மளமளவென்று உயரும் காலம் பெரும்பாலும் ரிஸ்ஸர் 0ஆக இருக்கும்போதே வந்து போய்விடுகிறது. வயதுக்கு வருவது வழக்கமாக அந்த உச்சத்துக்குச் சற்றுப் பின்னர். எனவே உங்கள் மகள் அந்த உச்சத்துக்கு முன்னால் நிற்கிறாளா, உச்சத்திலேயே இருக்கிறாளா என்று தெரிய, இடக்கை எக்ஸ்ரே ஒன்று எடுத்து விரல் எலும்புகளின் முதிர்ச்சியைப் பார்க்கச் சொல்வார்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: மாதம் ஒருமுறை, காலையில், அதே சுவரில் உயரத்தைக் குறித்துவையுங்கள். நான் சொன்ன பெண் அடுத்த நான்கு மாதத்தில் 3 சென்டிமீட்டர் வளர்ந்தாள். படத்தில் டி5இன் சாய்வு 15, டி12இன் சாய்வு 14, ஆக 29. அதே முள்ளெலும்புகள், 6 டிகிரி ஏற்றம். இம்முறை அது உண்மையான ஏற்றம். அன்றே பிரேஸுக்கு அளவெடுத்தோம்.

பிரேஸ் வளைவை நிமிர்த்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அணிந்திருக்கும்போது படம் எடுத்தால் கோணம் குறைந்திருக்கும் (அவளுக்கு 16 காட்டியது); கழற்றினால் பழையபடி திரும்பும். வளர்ச்சி முடியும்வரை மேலும் கூடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. 2013இல் வெளியான, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். அணியாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 விழுக்காட்டினர். நாளொன்றுக்குச் சராசரியாக 13 மணி நேரமாவது உண்மையில் அணிந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி. அலமாரியில் கிடக்கும் பிரேஸ் எதையும் தடுக்காது. அதே சமயம் பிரேஸ் இல்லாமலே ஏறக்குறைய பாதிப் பேர் தப்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. யார் தப்புவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

உங்கள் மகளுக்கு 25 டிகிரி என்பது மறு அளவீட்டிலும் உறுதியாகி, ரிஸ்ஸர் 0, 1 அல்லது 2 என்று இருந்தால், மார்ச்சிலிருந்து கூடியதோ இல்லையோ, நான் பிரேஸைத்தான் பரிந்துரைப்பேன். 20, 21 என்று குறைந்து வந்தால், நான்கு மாதம் கழித்து அதே இடத்தில், முடிந்தால் அதே வேளையில், ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நியாயம். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. இந்தக் கோணம் முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவை மட்டுமே அளக்கிறது. முள்ளெலும்புகள் திருகிக்கொள்வதை அது காட்டாது. குனியும்போது ஒரு பக்க விலா மேடாகத் தெரிவது அந்தத் திருகலால்தான். கோணம் அப்படியே இருக்கையில் மேடு மட்டும் கூடுவதாக உங்களுக்குப் பட்டால் அடுத்த முறை அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் விழிக்கவைக்கும் வலியோ, காலில் பலவீனமோ, வளைவு இடப்பக்கம் புடைத்த மார்பு வளைவாகவோ இருந்தால், அது வேறு கணக்கு. அப்போது எம்ஆர்ஐ எடுத்துத் தண்டுவடத்தைப் பார்த்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.