20 மூட்டையில் 5 பிரித்துப் பார்த்தால் போதுமா?

கேள்வி: பூம்பாறையில் இருக்கிறேன். வடுகபட்டியில் 20 மூட்டை விதைப்பூண்டு பேசியிருக்கேன். தரகர் 5 மூட்டையைப் பிரித்துக் காட்டினார், ஐந்தும் சுத்தம். நாலு மூட்டை அழுகல் உள்ளே இருந்தால் அது என் கண்ணில் படாமல் போக எவ்வளவு வாய்ப்பு? காலேஜில் படிக்கும் மகள் 33 சதவீதம் என்கிறாள்.

பதில்: 28 சதவீதம்தாங்க. அதுவும் அந்த ஐந்தை நீங்களே குருட்டாம்போக்கில் எடுத்திருந்தால்.

மகள் போட்டது ஈருறுப்புக் கணக்கு. ஒவ்வொரு மூட்டைக்கும் 20க்கு 16 நல்லது என்று வைத்து, அந்த 0.8ஐ ஐந்து தடவை பெருக்கியிருப்பார். ஆனால் பிரித்த மூட்டையை நீங்கள் ஓரமாக வைத்துவிடுகிறீர்கள். முதல் மூட்டை நல்லதாக வந்துவிட்டால் மீதி 19இல் நல்லது 15தான், அழுகல் மட்டும் அதே நாலு. அதனால் பெருக்க வேண்டியது இப்படி:

16/20 × 15/19 × 14/18 × 13/17 × 12/16 = 0.28

இதற்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் என்று பெயர். பள்ளியிலும் காலேஜிலும் நாணயம் சுண்டுகிற கணக்கையே திரும்பத் திரும்பப் போடவைக்கிறார்கள், மூட்டை வாங்குகிறவனுக்கு வேண்டிய கணக்கு மூலையில் கிடக்கிறது, எரிச்சலாக வருகிறது.

அதிகம் பிரிக்கப் பிரிக்க இரண்டு கணக்கும் விலகும். 10 மூட்டை பார்த்தால் நாலும் தப்பிக்க 4 சதவீதம்தான் வாய்ப்பு, மகள் முறையில் 11 வரும். 17 பார்த்தால் மீதி மூன்றில் நாலு அழுகல் ஒளியவே முடியாது, அந்த முறையோ அப்போதும் 2 சதவீதம் தப்பிக்கும் என்று சொல்லும். சரக்கு 2000 மூட்டை, அதில் 400 அழுகல் என்றால் ஐந்து எடுப்பதற்கு இரண்டுமே 33தான்.

மகள் கணக்கு உங்களுக்கே சரியாக வருகிற இடம் ஒன்று உண்டு, இதைக் கவனமாகப் பாருங்கள். பிரித்த மூட்டையைத் தைத்துத் திரும்ப அடுக்கிலேயே போட்டுக் கலந்துவிட்டால், பார்த்த மூட்டையே மறுபடி கைக்கு வரலாம். ஒவ்வொரு தடவையும் 20இல் 16தான், அப்போது 33. சில மண்டிகளில் ஆட்கள் அவசரத்தில் இப்படித்தான் செய்கிறார்கள், ஐந்து பார்த்தேன் என்று நினைப்பீர்கள், பார்த்தது நாலாக இருக்கும். பிரித்த மூட்டையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

இனி தரகர் விஷயம். அந்த ஐந்தை எடுத்தது யார்? அவர் என்றால் 28ம் இல்லை, 33ம் இல்லை, கணக்கே கிடையாது. நல்லது எது என்று தெரிந்தவர் நூறு தடவை காட்டினாலும் நல்லதையே காட்டுவார். மூட்டை வாயில் நல்ல பூண்டைப் பரப்பி அடியில் அழுகலைத் தள்ளுகிற வேலையும் நடக்கிறது. இதைக் கேட்க மண்டியில் ஒரு ஆள் கிடையாது, பிரிக்கச் சொன்னால் வாங்குகிறவனைத்தான் முறைக்கிறார்கள்.

அதனால் அவர் காட்டிய ஐந்தை மறந்துவிடுங்கள். மூட்டைகளுக்கு 1 முதல் 20 வரை எண் எழுதி, துண்டுச் சீட்டு குலுக்கி நீங்களே 10 எடுங்கள். ஒவ்வொன்றையும் தரையில் கொட்டி அடிப்பூண்டு வரை பாருங்கள். முன்பணம் அதற்கு அப்புறம்.