ஹேண்டிலில் மாட்டிய போன், நடுங்கும் கேமரா: வழக்கு யார் மீது?

*"ஐயா, எனக்குக் குடியாத்தம். கூரியர் டெலிவரி வேலை. ஏழு மாதத்துக்கு முன் வேலூரில் ஒரு கடையில் 42,000 ரூபாய்க்குப் போன் வாங்கினேன். வழி பார்ப்பதற்காக 350 சிசி பைக் ஹேண்டில்பாரில் ஹோல்டர் போட்டு மாட்டி வைத்திருந்தேன். ஹோல்டர் ஆன்லைனில் 480 ரூபாய்க்கு வாங்கினது. இப்போது கேமராவைத் திறந்தால் படம் நடுங்குகிறது, உள்ளே கொர்ரென்று சத்தம் வருகிறது. சர்வீஸ் சென்டரில் 'போன் கீழே விழுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது' என்று சொல்லி 9,600 ரூபாய் கேட்கிறார்கள். போன் ஒரு தடவை கூட விழவில்லை. பைக்கில் மாட்டியதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. கேஸ் போட்டால் ஜெயிக்குமா?"*
— வாசகர், குடியாத்தம்

பைக்கில் மாட்டியதை இனிமேல் யாரிடமும் மறைக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வாக்குமூலம் பிரமாணப் பத்திரமாகத்தான் போகும். அதில் ஒரு பொய் இருந்து, எதிர்தரப்பு அதைப் பிடித்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் நம்ப ஆளிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழக்கு அந்த ஹோல்டரை வைத்துத்தான் நிற்கிறது. அதை மறைத்தால் வழக்கே இல்லை.

அது ஏன் என்று புரிய, போனுக்குள் என்ன கெட்டுப்போனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் போனின் முக்கியக் கேமராவில், கை நடுக்கம் படத்தில் தெரியாமல் தடுக்கும் ஓ.ஐ.எஸ். என்ற ஒரு அமைப்பு இருக்கும். லென்ஸையோ சென்சாரையோ இறுக்கி ஒட்டாமல், மெல்லிய ஸ்பிரிங் கம்பிகளிலோ சிறு குண்டுகளிலோ மிதக்க விட்டிருப்பார்கள். பக்கத்தில் காந்தமும் சுருள் கம்பியும் இருக்கும். கை நடுங்கினால் போனில் உள்ள ஜைரோ அதை உணரும். உடனே சுருளில் மின்சாரம் பாய்ந்து லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். கை நடுக்கம் நொடிக்குப் பத்து தடவை அளவில்தான் இருக்கும். உங்கள் பைக் பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது, ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு ஐம்பது தடவை உதறுகிறது. அந்த உதறல் ஹேண்டில்பார் வழியாக ஹோல்டருக்கு ஏறி, நேராகப் போனுக்குப் போகிறது. கேமரா ஆனில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மிதக்கும் பாகம் மணிக்கணக்கில் ஆடி, கம்பி களைத்து, ஒருநாள் தன் நடுநிலைக்குத் திரும்ப முடியாமல் போகிறது. அப்போதுதான் படம் நடுங்குகிறது. நீங்கள் கேட்கும் கொர் சத்தம், லென்ஸைப் பிடித்து நிறுத்த அந்தச் சுருள் போராடும் சத்தம்.

கேமராவை மூடிவிட்டுப் போனை ஆட்டும்போது லேசாகக் 'கடகட' என்றால் அது கோளாறு இல்லை, ஓ.ஐ.எஸ். உள்ள பல போன்களில் அது இயல்பு. திறந்திருக்கும்போது சத்தத்தோடு படமும் ஜெல்லி போல ஆடினால்தான் கோளாறு. இதை இன்றே வீட்டில் பாருங்கள்: போனை மேசையில் ஒரு டம்ளர் மீது சாய்த்து வைத்து, கை படாமல், எதிரே மாட்டியிருக்கும் நாள்காட்டியைக் காட்டுங்கள். முக்கியக் கேமராவில் தேதி எண்கள் நீந்துகின்றனவா? அப்புறம் அல்ட்ரா வைடுக்கும் செல்ஃபிக்கும் மாற்றுங்கள். இந்த இரண்டிலும் பெரும்பாலும் ஓ.ஐ.எஸ். இருக்காது. அவற்றில் எண்கள் அசையாமல் நின்றால், கெட்டது அந்த மிதக்கும் பாகம்தான் என்பதற்கு அது நல்ல அடையாளம். இன்னொரு போனில் இதை அப்படியே வெட்டாமல் வீடியோ எடுங்கள். பிறகு போனின் நான்கு மூலை, கேமரா கண்ணாடி, சட்டம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுங்கள். கீழே விழுந்த போனில் பெரும்பாலும் எங்காவது ஒரு நெளிவோ கீறலோ இருக்கும். உங்கள் போனில் அது இல்லை என்றால், "விழுந்திருக்கிறது" என்ற சர்வீஸ் சென்டர் வாதம் பாதி பலவீனமாகிவிடும்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

போன் நிறுவனத்தின் மீதான வழக்கைப் பற்றி உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. உற்பத்திக் குறை என்று நீங்கள் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நீங்களே அதை உதறும் ஹேண்டிலில் மாட்டியிருக்கும்போது அது கடினம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. சரியான எச்சரிக்கை கொடுக்காத தயாரிப்பாளரை அதன் 84-ஆம் பிரிவில் பிடிக்கலாம். ஆனால் அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்பதற்கு 2(22) பிரிவு கொடுக்கும் விளக்கத்தில், அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. போனின் குறையால் அந்தப் போனுக்கே வந்த கேட்டுக்கு இந்தக் கதவு திறக்காது. பலர் இதைப் படிக்காமலே நோட்டீஸ் அனுப்பி, பதிலில் இதே வரியைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

அதே 2(22) பிரிவு ஹோல்டர் பக்கம் திரும்பினால் உங்களுக்குத் துணையாகிறது. 'அந்தப் பொருளைத் தவிர்த்த வேறு சொத்துக்கு' வந்த சேதம் தீங்கில் சேரும். இங்கே பொருள் ஹோல்டர். வேறு சொத்து உங்கள் போன். பைக்கில் போன் மாட்டுவதற்கென்றே விற்ற சாதனம், அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விற்கப்பட்டிருந்தால், எச்சரிக்கை இல்லாத குற்றம் அதன் தயாரிப்பாளர் மீது வருகிறது. 480 ரூபாய் ஹோல்டரின் பெட்டியில் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரே இருக்காது. கவலைப்படாதீர்கள். தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபோது விற்றவரையே பொறுப்பாக்க 86-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

எதிர்தரப்பு என்ன சொல்லும்? 87-ஆம் பிரிவை எடுப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கத் தேவையில்லை என்று அதில் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரிலேயே, சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்றும், ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டியில்கூட அதிர்வு தணிக்கும் மவுண்ட் நல்லது என்றும் தன் தளத்தில் எழுதிவிட்டது. இதைக் காட்டி, "ஊருக்கே தெரிந்த விஷயம்" என்பார்கள். என் பார்வையில் ஆப்பிளின் அந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான் உதவும். அதிர்வால் ஓ.ஐ.எஸ். கெடும் என்பதைப் போன் செய்கிறவர்களே ஒத்துக்கொண்டதற்கு அது சான்று. பார்சல் கொடுக்கிற ஒருவர் அதைத் தேடிப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தச் சாதனத்தையே விற்றுப் பிழைக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் போன் பெட்டியில் வந்த கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருந்தால் இந்த வாதம் நொறுங்கிவிடும். ஆகவே முதலில் கையேட்டையும் வாரண்டி அட்டையையும் வரிவிடாமல் படியுங்கள்.

ஹேண்டிலில் போன் மாட்டியதே சட்டவிரோதம் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். கவனம் சிதறாதபடி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் திருத்தம் வந்துவிட்டது. தொழிலுக்குப் பயன்படுத்தியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்பதும் எடுபடாது. பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளை 'வணிக நோக்கம்' என்று சட்டம் கருதுவதில்லை.

அப்படியானால் சர்வீஸ் சென்டரை விட்டுவிடுவதா? அவர்கள் விஷயம் தனி. விழாத போனை விழுந்ததாக எழுதியது சேவைக் குறைபாடுதான். ஆனால் ஒரே மனுவில் போன் நிறுவனத்திடம் "உற்பத்திக் குறை" என்றும், ஹோல்டர் விற்றவரிடம் "உன் ஹோல்டரால் கெட்டது" என்றும் சொன்னால், இரண்டு பேரும் உங்கள் வார்த்தையை உங்களுக்கு எதிராகவே வாசிப்பார்கள். நானாக இருந்தால் வழக்கை ஹோல்டர் விற்றவர் மீது போடுவேன். சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் காரணம் கேட்பதோடு நிறுத்துவேன். அவர்கள் தரும் தாள் இந்த வழக்குக்கும் பயன்படும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே போன்ற நடுங்கும் கேமராவோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் இருந்த ஜாப் ஷீட்டில் 'பிசிக்கல் டேமேஜ்' என்று இரண்டே வார்த்தை. எங்கே அடி, எந்தப் பாகம், எப்படிப் பார்த்தார்கள் என்று ஒன்றும் இல்லை. அவர் ஏற்கெனவே பணம் கட்டி கேமரா மாட்யூலை மாற்றியிருந்தார். பழைய மாட்யூலை அவர்கள் திருப்பித் தரவில்லை. சோதிக்கப் பொருளே இல்லாமல் போனதால் என்னால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: இப்போது பழுது பார்க்காதீர்கள், தெருக்கடையில் போனைத் திறக்கவும் விடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு மெயில் அனுப்பி, எந்தப் பாகம் கெட்டது, அடிபட்ட இடம் எது, அதன் படம் எங்கே என்று மூன்றையும் கேளுங்கள்.

அடுத்தது ஹோல்டர். அந்த விற்பனைப் பக்கம் மாறிவிடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'எல்லா பைக்குக்கும் ஏற்றது', 'போனுக்குப் பாதுகாப்பு' போன்ற வரிகள் முழுதாகத் தெரிய வேண்டும். பில், பெட்டி, ஹோல்டர் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்:

*"உங்கள் தளத்தில் பைக் போன் ஹோல்டர் என்று விற்கப்பட்டதை வாங்கி, அதற்குரிய வகையிலேயே பயன்படுத்தினேன். அதிர்வால் கேமரா கெடும் என்ற எச்சரிக்கை விற்பனைப் பக்கத்திலோ பெட்டியிலோ இல்லை. என் போனின் கேமரா நிலைப்படுத்தும் பாகம் பழுதாகிவிட்டது. பழுதுச் செலவு 9,600 ரூபாயைத் தர வேண்டும். விற்பனையாளரின் முழுப் பெயரும் முகவரியும் எனக்குத் தர வேண்டும்."*

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் அவர்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அது நடக்கும்போதே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இந்த அளவுத் தொகை பல நேரம் இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். மனுவோடு, 38-ஆம் பிரிவின்படி போனை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக் கேட்டு ஒரு தனி மனுவும் கொடுங்கள். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். ஜெயித்தால் செலவுத் தொகையோடு சேர்த்துக் கேளுங்கள். கேமரா இல்லாமல் டெலிவரி படம் எடுக்க முடியாமல் போன வருமானத்தை மட்டும் இதில் கேட்காதீர்கள். பொருளாதார இழப்பைத் தீங்கின் விளக்கத்திலிருந்து அதே 2(22) பிரிவு வெளியே வைத்திருக்கிறது. 9,600 ரூபாய், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு போதும்.

ஆய்வு முடிந்து அறிக்கை ஆணையத்தின் கையில் வந்த பிறகு பழுது பாருங்கள். அதுவரை வழி பார்க்கப் போனைச் சட்டைப் பையில் வைத்து, ஒரு காதில் மட்டும் குரல் வழிகாட்டலைக் கேட்டுக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். இயர்போனுக்குப் போலீஸ் நிறுத்துவார்கள். தெரு திரும்பும் முன் ஓரமாக நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.