மறுக்க இடம் விட்டு நேரம் கேட்பது

மதிப்பிற்குரிய ஐயா,

இளநிலை வேதியியல் மூன்றாம் ஆண்டுக்குச் செல்லவிருக்கும் உங்கள் மகள் காப்பித் தரப் பரிசோதனைத் துறையைப் பற்றி யோசிக்கிறார் என்றும், ஏற்காட்டில் அத்துறையில் நீண்ட அனுபவமுள்ள மூத்த அலுவலர் ஒருவர் உங்கள் மைத்துனருக்குப் பழக்கமானவர் என்றும் எழுதியிருந்தீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை மல்கோவாவுடன் குடும்பமாக மலையேறி அவரைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டாம் என்பதே என் கருத்து. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாசலில் வந்து நிற்கும் குடும்பத்தைத் திருப்பி அனுப்ப நம் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார், "நல்லா படிம்மா" என்பார், "ஏதாவது இருந்தால் சொல்கிறேன்" என்று உங்களிடம் சொல்லி அனுப்புவார். உபசாரத்தில் குறையிருக்காது, ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்பது உங்கள் மகளுக்கு விளங்கியிருக்காது.

மனமொப்பிப் பேசுபவர்தான் தம் தொழிலின் மேடுபள்ளங்களைச் சொல்வார். மறுக்க வழியில்லாமல் பேசுபவர் நல்ல வார்த்தைகளை மட்டுமே சொல்வார். ஆகவே கேட்பது சிறியதாக இருக்க வேண்டும், மறுப்பதற்கு அவர் ஒரு வரிகூட எழுத வேண்டியிராத அளவுக்கு அது எளிதாகவும் இருக்க வேண்டும். இதற்கு நேரில் போவதைவிட எழுத்தும், எழுத்துக்குப் பின் தொலைபேசியும் ஏற்றவை. எழுதுபவர் உங்கள் மகளாக இருக்கட்டும். மைத்துனர் அந்தச் செய்தியை, "இஷ்டம் இருந்தால் மட்டும் பாருங்கள், எனக்காக வேண்டாம்" என்ற ஒற்றை வரியுடன் அவருக்கு அனுப்பிவைத்தால் போதும். அதற்குப் பிறகு "பார்த்தீர்களா" என்று மைத்துனர் விசாரிக்கக் கூடாது, ஏனெனில் அந்த விசாரிப்பு வந்த உடனேயே வேண்டுகோள் சிபாரிசாக மாறிவிடுகிறது.

எழுதுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுது படிப்பில் செலவாகட்டும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வாரியம், காப்பித் தர மேலாண்மையில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. வேதியியல் பட்டதாரிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். தகுதி, கட்டணம், விண்ணப்பத் தேதி ஆகியவை வாரியத்தின் அறிவிப்பிலேயே இருக்கும். அவற்றை மூத்தவரிடம் கேட்டால், தேடிப் பார்க்கக்கூடச் சோம்பல்பட்ட பிள்ளை என்றே அவர் நினைப்பார். அறிவிப்பில் கிடைக்காதவை மட்டுமே அவருக்கான கேள்விகள்: புதிதாகச் சேர்ந்தவரின் நாள் எப்படிப் போகிறது, கல்லூரியில் கற்ற வேதியியல் அங்கே எந்த இடத்தில் கைகொடுக்கிறது, நாக்கையும் மூக்கையும் நம்பிச் செய்யும் சுவைப் பரிசோதனை பழகப் பழக வந்துவிடுமா.

உங்கள் மகள் எழுதியிருந்த வரைவில் பள்ளி மதிப்பெண்கள், குடும்பச் சூழ்நிலை, சிறு வயது முதலான காப்பி ஆர்வம் ஆகியவற்றுக்குப் பின், "தங்களுக்கு எப்போது வசதியோ அப்போது நேரில் சந்தித்து வழிகாட்டுதல் பெற விரும்புகிறேன், தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்" என்று முடிந்திருந்தது. பணிவில் குறையில்லை. ஆனால் எவ்வளவு நேரம், எதைப் பற்றி, எந்த வழியில் என்ற மூன்றையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆவலுடன் காத்திருப்பதாகச் சொன்ன பிள்ளைக்கு இல்லை என்று எழுதுவதும் கடினம். பெரும்பாலோர் இத்தகைய செய்திக்கு "பார்க்கலாம்" என்று எழுதிவிட்டு மறந்துபோவார்கள். அதை இப்படி மாற்றலாம்:

"ஐயா, வணக்கம். சேலத்தில் இளநிலை வேதியியல் படிக்கிறேன். காப்பி வாரியத்தின் தர மேலாண்மைப் பட்டயப் படிப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். புதிதாகச் சேருபவரின் அன்றாட வேலை எப்படியிருக்கும், அதில் வேதியியல் எங்கே பயன்படும் என்ற இரண்டை மட்டும் தங்களிடம் கேட்க விரும்புகிறேன். வேலையோ பயிற்சியோ கேட்டு எழுதவில்லை. அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 மணிக்கு மேல் 15 நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா? இயலாவிட்டால் பதில் எழுத வேண்டியதில்லை. புரிந்துகொள்வேன், மறுபடியும் தொந்தரவு செய்ய மாட்டேன். நன்றி."

இதில் இரண்டு இடங்களை விளக்க வேண்டும். வேலை கேட்கவில்லை என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும். அதை எழுதிவிட்டுத் தன்விவரக் குறிப்பை இணைத்தால் வரி பொய்யாகிவிடும். பதில் எழுத வேண்டியதில்லை என்ற வரியைப் பார்த்து, நாமே கதவைச் சாத்துகிறோமே என்று உங்களுக்குத் தோன்றலாம். பேச மனமில்லாதவர் எப்படியும் பேசப் போவதில்லை. பேச மனமிருந்தும், ஒரு முறை ஒப்புக்கொண்டால் பின்னால் இன்னும் எதையெல்லாம் கேட்பார்களோ என்று தயங்குபவருக்கு இந்த வரி தைரியம் கொடுக்கிறது. அதை எழுதிய பின் நினைவூட்டல் அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நினைவூட்டும் உரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், அந்த வரிக்குப் பதிலாக "இயலாது என்று ஒரு சொல் எழுதினாலும் போதும்" என்று எழுதி, பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை கேட்கலாம். பழக்கமில்லாத மூத்தவருக்கு முதல் வழியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். சேர்வராயன் மலையில் நவம்பரில் காப்பிப் பழம் பறிப்புத் தொடங்கினால் பிப்ரவரி வரை பறிப்பு, தோல் நீக்குதல், உலர்த்தல் என்று அத்துறையினருக்கு ஓய்விருக்காது. ஆகவே இந்த ஜூன், ஜூலை மாதங்களிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அவர் ஒப்புக்கொண்டால் உங்கள் மகளே அழைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து, இடையில் தொலைபேசியை வாங்கி "சம்பளம் எவ்வளவுங்க வரும்" என்று கேட்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இதைப் பல அப்பாக்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினான்காவது நிமிடத்தில் "ஐயா, நான் கேட்ட நேரம் முடிகிறது" என்று உங்கள் மகளே சொல்ல வேண்டும். "பரவாயில்லை, கேளும்மா" என்று பதில் வந்தால் மட்டும் தொடரலாம். அன்றிரவே, அவர் சொன்னவற்றில் எது பயன்பட்டது என்பதைக் குறிப்பிட்டு இரண்டு வரி நன்றி அனுப்பினால் போதும். மல்கோவா அப்போதும் வேண்டாம்.

அவர் மறுத்தால், "பதில் தந்தமைக்கு நன்றி ஐயா" என்பதுடன் நிறுத்திவிட வேண்டும். "வேறு நாள் ஆகுமா" என்றோ "வேறு யாரையாவது சொல்லுங்கள்" என்றோ தொடரக் கூடாது. இன்னொருவரைத் தேடும்போது, மகளின் கல்லூரித் துறையில் படித்து உணவுத் தரப் பரிசோதனை வேலைக்குச் சென்று மூன்று நான்கு ஆண்டுகள் ஆனவர் இருக்கிறாரா என்று ஆசிரியர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். புதியவரின் அன்றாட வேலையைப் பற்றி மூத்த அலுவலரைவிட அவருக்கே நன்றாக நினைவிருக்கும். இதே செய்தியில் விளிப்பை "அக்கா" என்றோ "அண்ணா" என்றோ மாற்றி, படித்த விஷயத்தையும் நேரத்தையும் அவருக்கு ஏற்றபடி திருத்தி அனுப்பலாம்.