கடன் விண்ணப்பத்தில் வியாபார விளக்கம்: தவணையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

கேள்வி: வணக்கம் சார். துணிப்பை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு மெஷின் போட 3 லட்சம் கடன் கேட்டேன். திட்ட அறிக்கையில் சந்தை, செலவு, திருப்பிக் கட்டுவது எல்லாம் எழுதியிருந்தேன். அதிகாரி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா நம்பும்படி இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் நகலைப் பார்த்தேன். "துணிப்பைகளுக்கு நாளுக்கு நாள் தேவை அதிகரித்து வருகிறது" என்று சந்தைப் பகுதி தொடங்குகிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரியை வைத்து அதிகாரி எந்தக் கணக்கும் போட முடியாது. தேவை கூடினால் போட்டியாளருக்கும்தானே கூடும்? கடன் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மாதாமாதம் தவணைக்கான பணம் எங்கிருந்து வரும், அது குறைந்தால் என்ன ஆகும். அதனால் தவணையை முதலில் கணக்கிட்டு, அதற்கு எத்தனை பை விற்க வேண்டும் என்று பார்த்து, அந்தப் பைகளை யார் வாங்குவார்கள் என்பதைச் சந்தைப் பகுதியில் எழுதுங்கள். படிப்பவருக்கு வரிசை வழக்கம்போல் சந்தையிலிருந்தே தொடங்கட்டும். நீங்கள் யோசிக்கும் வரிசை மட்டும் தலைகீழாக இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே செய்து பார்ப்போம். 3,00,000 கடன், ஆண்டுக்கு 12% வட்டி, 36 மாதம் என்றால் தவணை 9,964 வரும். இப்போது மாதம் 600 பை, ஒன்று 150-க்கு விற்கிறீர்கள். துணி, நூல், கைப்பிடி 80, தையல் கூலி 20 போக ஒரு பையில் 50 நிற்கிறது. ஆக மாதம் 30,000. வாடகை, மின்சாரம், வண்டி 12,000. வீட்டுக்கு எடுப்பது 15,000. மிச்சம் 3,000.

உங்கள் அறிக்கையில் அந்த 15,000-ஐக் காணோம். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், லாபம் அதிகமாகத் தெரியட்டும் என்று. அதிகாரி அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுச் செலவை எழுதாதவர் தவணைக்கு முன்னால் அதைத்தான் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

புது மெஷின் வந்தபின் மாதம் 400 பை கூடுதலாக விற்பதாகச் சொல்கிறீர்கள். அதில் 20,000 நிற்கும். கூடுதல் மின்சாரம், பராமரிப்புக்கு 3,000 கழித்து, பழைய மிச்சம் 3,000-ஐச் சேர்த்தால் மறுபடி 20,000. தவணையைப் போல் இரண்டு மடங்கு. இந்த விகிதத்தைத்தான் கடன் துறையில் டி.எஸ்.சி.ஆர் என்பார்கள். கடன் கொடுக்கும் இடத்துக்கு இடம் எல்லை மாறும், ஆனால் 1.25-க்குக் கீழே போனால் பொதுவாகக் கேள்வி வரும். இப்போது விற்பனையைக் குறைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் விற்பனை 200 பை மட்டும் என்றால் கையில் 10,000, தவணை கட்டியதும் ஒன்றும் மிஞ்சாது. 250 பை என்றால் 12,500, அதாவது 1.25.

ஆகவே உங்கள் சந்தைப் பகுதி நிரூபிக்க வேண்டியது 250 பைகளைத்தான். அதற்கான ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. கடந்த நான்கு மாதங்களில் முடியாது என்று திருப்பிவிட்ட ஆர்டர்கள் மாதம் சராசரி 250 என்று கேள்விக்குக் கீழே ஒரு குறிப்பாகப் போட்டிருந்தீர்களே, அது அறிக்கையில் ஏன் இல்லை? இப்படி எழுதலாம்:

"இப்போது 8 கடைகள் மாதம் 600 பை வாங்குகின்றன. இதில் 240 ஒரே கடைக்குப் போகிறது. இருக்கும் மெஷின்களில் இதற்கு மேல் தைக்க முடியாததால், கடந்த நான்கு மாதங்களில் மாதம் சராசரி 250 பைக்கான ஆர்டரை மறுத்தேன்; அந்தச் செய்திகளின் நகலை இணைத்துள்ளேன். கூடுதல் 400-இல் 250 இந்தக் கடைகளிடமிருந்தே வரும். மீதி 150-க்கு இரண்டு புதுக் கடைகளிடம் பேசி வருகிறேன். அது வராவிட்டாலும் தவணை கட்ட முடியும்."

அந்த 240-ஐ மறைக்க வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். ஸ்டேட்மென்ட் என்றதும் இன்னொன்று. மாத விற்பனை 90,000 என்கிறீர்கள். கணக்கில் அவ்வளவு வரவு இல்லையென்றால், எவ்வளவு ரொக்கமாக வருகிறது, அதற்கு என்ன பில் இருக்கிறது என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். வரித் தாக்கலில் காட்டிய விற்பனையும் இதோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அடுத்து, 3 லட்சம் எதற்கு என்பது. மெஷின்களுக்கான கொட்டேஷன் 2,70,000. உங்கள் கைப்பணம் 50,000. அப்படியானால் கடனில் 80,000 மிஞ்சுகிறது. அதை "இதர செலவுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே அதிகாரியின் பேனா நின்றுவிடும். உண்மையில் அந்தத் தொகைக்கு நல்ல காரணம் இருக்கிறது. கடைகள் 45 நாள் கழித்துத்தான் பணம் தருகின்றன. 400 பைக்கு மாதம் துணியும் கூலியும் 40,000. ஒன்றரை மாதத்துக்கு 60,000 வெளியே நிற்கும். அரை மாதத் துணி இருப்பு 16,000. மொத்தம் 76,000. இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள், 80,000 தானாகப் புரியும்.

இதே 45 நாள்தான் முதல் தவணையையும் சிக்கலாக்கும். மெஷின் வந்து, ஓட்டிப் பழகி, பை போய், பணம் திரும்ப மூன்று மாதம் ஆகலாம். அதனால் மூன்று மாத அவகாசம் கேளுங்கள். அந்தக் காலத்து வட்டி மாதம் சுமார் 3,000; அதை இப்போதைய மிச்சத்திலிருந்து கட்டுவேன் என்றும் எழுதுங்கள். அந்த மிச்சம் முழுக்க அதற்கே போய்விடும், எனவே கொஞ்சம் கைக்காசு ஒதுக்கி வைத்திருப்பது நல்லது.

சரி, ஆபத்துகள். "அபாயம் எதுவும் இல்லை" என்ற வரியை அடித்துவிடுங்கள். துணி, நூல் விலை 10% ஏறினால் ஒரு பைக்கு 8 போகும். பலர் இதைப் புதுப் பைகளுக்கு மட்டும் கழிக்கிறார்கள். பழைய 600-க்கும் அதே விலைதானே? 1,000 பையில் 8,000 போய், 20,000 என்பது 12,000 ஆகும். தவணை தப்பிக்கும். விலையும் ஏறி விற்பனையும் 250-இலேயே நின்றால் கையில் 5,700தான், தவணை கட்ட முடியாது. அதையும் எழுதுங்கள், கூடவே என்ன செய்வீர்கள் என்பதையும். பைக்கு 6 கூட்டினால் 850 பையில் 5,100 வரும், மொத்தம் 10,800. கடைகள் அந்த விலையை ஏற்குமா என்று இப்போதே இரண்டு கடைக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலைச் சேருங்கள். ஏற்க மாட்டார்கள் என்றால், வீட்டுக்கு எடுப்பதில் அந்த மாதங்களில் எவ்வளவு குறைக்க முடியும் என்று எழுதுங்கள்.

கடைசியாக, மூன்று வருடத்துக்கும் "ஆண்டுக்கு 20% வளர்ச்சி" என்று போட்டிருக்கும் அட்டவணை வேண்டாம். அதற்குப் பதில் முதல் 12 மாதங்களுக்கு மாதவாரியாக வரவு, செலவு, தவணை, மாத இறுதிக் கையிருப்பு என்று ஒரே பக்கத்தில் போடுங்கள். விற்பனை மந்தமாகும் மாதங்களில் எண்ணைக் குறைத்தே காட்டுங்கள். கையிருப்பு எந்த மாதமாவது பூஜ்யத்துக்குக் கீழே போனால், அந்த மாதத்தைச் சரிசெய்த பிறகு விண்ணப்பத்தைக் கொண்டுபோங்கள்.