டைட்ஸின் நிறமும் ஸ்கர்ட்டின் விளிம்பும்

வணக்கம்.

வேலைக்காக எடின்பரோ வந்திருக்கிறேன். உயரம் 155 செ.மீ., மாநிறம். அலுவலகத்துக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் அடர்சாம்பல் கம்பளி ஸ்கர்ட், மெரூன் ஸ்வெட்டர், கறுப்பு ஆங்கிள் பூட்ஸ் அணிகிறேன். ‘ஸ்கின் கலர்’ என்று போட்ட 15 டெனியர் டைட்ஸ் போட்டால் கால் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது, நானும் குள்ளமாகத் தெரிகிறேன். முழங்கால் சாக்ஸும் லெக் வார்மரும் வாங்கி வைத்திருக்கிறேன், அவையும் சரியாக அமையவில்லை. எதை எதோடு போடுவது? பொங்கல் விழாவுக்குப் புடவைக்குள் டைட்ஸ் போடலாமா?

ஒரு வாசகி, எடின்பரோ

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் சாம்பல் பூச்சு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுவே டெனியர். 15 என்பது மிக மெல்லிய நூல், அதன் வழியே தோல் தெரியும். காலின் நடுப்பகுதியை நாம் நேராகப் பார்க்கிறோம், அங்கே கண்ணுக்குக் குறுக்கே இருக்கும் இழை குறைவு. கால் உருண்டை என்பதால் இரு ஓரங்களையும் சாய்வாகப் பார்க்கிறோம், அங்கே இழை அதிகம். கறுப்பு டைட்ஸில் இதனால் ஓரங்கள் கருத்து, நடு வெளுத்து, கால் மெலிந்து தெரியும். உங்கள் தோலைவிட வெளிர்ந்த டைட்ஸில் இதுவே தலைகீழாகிறது. ஓரங்கள் வெளுத்து ஒரு சாம்பல் கரை கட்டுகிறது, கால் அகன்று தெரிகிறது. பாக்கெட்டில் ‘நேச்சுரல்’ என்றும் ‘நியூட்’ என்றும் இருப்பவை பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் சாயமிட்டவை.

தோல் நிறத்தில்தான் வேண்டுமென்றால் கடையிலுள்ள மாதிரியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளங்கை எப்போதும் வெளிர் நிறம். புறங்கையில் இழுத்து மாட்டி, சன்னல் வெளிச்சத்தில் விரல்களின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெளுத்தால் இன்னும் ஒரு படி அடர்ந்த நிறம் எடுங்கள். சந்தேகம் வந்தால் அடர்ந்ததுதான் பாதுகாப்பு.

ஆனால் உங்கள் உடைக்குத் தோல் நிறமே வேண்டாம் என்பேன். மேலிருந்து கணக்கிடுங்கள்: மெரூன், அடர்சாம்பல், பிறகு தோல், பிறகு கறுப்பு பூட்ஸ். ஸ்கர்ட் விளிம்பில் ஒரு வெட்டு, பூட்ஸின் வாயில் இன்னொரு வெட்டு. இடையில் வெளிர் நிறத்தில் ஒரு குட்டைத் துண்டு தனியாக நிற்கிறது. குள்ளமாகக் காட்டுவது உங்கள் உயரம் அல்ல, அந்தத் துண்டு. கறுப்பு டைட்ஸ் போட்டால் விளிம்பிலிருந்து தரைவரை ஒரே இருள். ஸ்வெட்டரின் முன்பக்கத்தை மட்டும் ஸ்கர்ட்டுக்குள் செருகிக்கொண்டால் அந்த இருள் இடுப்பிலேயே தொடங்கும்.

எத்தனை டெனியர்? அலுவலகத்துக்கு 50 அல்லது 60. மாநிறத் தோலின்மேல் கறுப்பு, வெள்ளைத் தோலின்மேல் தெரிவதைவிட அடர்த்தியாகவே தெரியும் என்பதால் 80, 100 என்று தேட அவசியமில்லை. மாலை விருந்துக்கு 20 டெனியர் கறுப்பு அழகு. நான் முன்பு சொன்ன ஓர நிழல் அதில்தான் வேலை செய்யும். குளிருக்கு டெனியரை மட்டும் நம்பாதீர்கள். கம்பளி கலந்த டைட்ஸ்தான் உண்மையில் சூடு தரும், கொஞ்சம் தடித்துத் தெரியும், அவ்வளவுதான். வெளியே மெல்லிய கறுப்பு, உள்ளே தோல் நிறப் பஞ்சுத் துணி என்று இரண்டு அடுக்காக வருவதையும் பார்த்திருப்பீர்கள். உள்ளடுக்கு வெளிர் பழுப்பாக இருந்தால் கால் ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகிவிடும். அடர்பழுப்பு உள்ளடுக்கு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அளவு தவறினால் நல்ல டைட்ஸும் கெட்டுப்போகும். சின்ன அளவை இழுத்துப் போட்டால் கண்ணிகள் விரிந்து, முழங்காலிலும் தொடையிலும் வெளுத்து, கணுக்காலில் மட்டும் கருத்து நிற்கும். 60 டெனியர் வாங்கியும் திட்டுத்திட்டாகத் தெரிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பாக்கெட்டின் பின்புற அட்டவணையில் உங்கள் உயரம் ஓர் அளவையும் இடுப்பு இன்னோர் அளவையும் காட்டினால் இடுப்பு சொல்வதை எடுங்கள். மிச்ச நீளம் கணுக்காலில் சுருங்கினாலும் பூட்ஸ் மறைத்துவிடும். போடும்போது நின்றபடி ஒரே இழுப்பாக இழுக்காமல், உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் விரல்நுனிவரை சுருட்டிப் பிடித்து, நுனித் தையலை நேராக்கி, இரண்டையும் முழங்கால்வரை ஏற்றிய பிறகு எழுந்து நின்று மேலே கொண்டுவாருங்கள். நகம் படாமல் விரல் சதையால் இழுக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் ஏணிபோல் கழன்று ஓடும். ஓட ஆரம்பித்தால் அதன் இரு முனைகளிலும் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

முழங்கால் சாக்ஸ் அமையாததற்குக் காரணம் சாக்ஸ் அல்ல, ஸ்கர்ட்டின் நீளம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் ஸ்கர்ட், நின்றால் சாக்ஸின் விளிம்பை மறைக்கும், உட்கார்ந்ததும் மேலேறிக் காட்டிவிடும். அப்போது தெரியும் நாலு விரல் தோல், வேண்டுமென்று விட்ட இடைவெளியாகத் தோன்றாது, சாக்ஸ் நழுவிவிட்டதாகவே தோன்றும். விளிம்பு முழங்காலுக்கு 10 செ.மீ. மேலே இருக்க வேண்டும், இல்லையேல் கெண்டைக்காலைத் தாண்டி இறங்க வேண்டும். முதலாவதில் இடைவெளி தெளிவாக இருக்கும், இரண்டாவதில் எப்போதும் தெரியாது. சாக்ஸின் வாய் முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, கால் குறுகும் இடத்தில் நிற்கட்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் நின்றால் அங்கே ஒரு கோடு கிழித்துக் காட்டியதுபோல் ஆகும்.

லெக் வார்மர் நடனக்காரர்கள் தசை குளிராமலிருக்கப் போட்டது, 1980களில் தெருவுக்கு வந்தது. அது கணுக்காலில் பருமன் சேர்க்கும் பொருள். அதனால் மேலே மெலிவு இருந்தால்தான் எடுபடும். உங்கள் கறுப்பு டைட்ஸின்மேல் கறுப்பு அல்லது அடர்சாம்பல் லெக் வார்மரைப் போட்டு, கீழ்முனையை பூட்ஸுக்குள் செருகி, ஒரு சாண் அளவுக்கு வெளியே சுருக்கிவிடுங்கள். ஸ்கர்ட் விளிம்புக்கும் அதன் மேல்முனைக்கும் நடுவே கால் கொஞ்சமாவது தெரிய வேண்டும், இரண்டும் தொட்டுக்கொண்டால் கால் காணாமல் போய்விடும். பூட்ஸுக்கு வெளியே குதிகால்வரை இழுத்துவிடாதீர்கள். எடின்பரோ மழையில் பின்னல் நீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும்.

ஸ்டாக்கிங்ஸ் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஸ்கர்ட்டுக்குக் கீழே பார்ப்பவருக்கு அதற்கும் டைட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. தொடையில் முடிந்து கொக்கிப் பட்டையில் தொங்குவது ஸ்டாக்கிங்ஸ். 1960களில் மினி ஸ்கர்ட் வந்ததும் அந்தக் கொக்கி வெளியே தெரிய ஆரம்பித்தது, டைட்ஸ் பரவியதற்கு அது பெரிய காரணம்.

பொங்கலுக்குப் புடவைக்குள் தாராளமாகப் போடலாம். வெளியே தெரியப்போவது பாதமும் கணுக்காலும்தான். மூடிய ஷூ என்றால் கறுப்பு போதும். திறந்த செருப்பு என்றால் விரல்நுனித் தையல் துருத்தித் தெரியும். பாதமில்லாத டைட்ஸ் வாங்கி, கணுக்காலுக்கு மேலேயே நிற்கும்படி இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். சாட்டின் உள்பாவாடை குளிர்காலக் காய்ந்த காற்றில் நைலானோடு உரசி மின்னேறி, நடக்க நடக்கக் காலோடு ஒட்டி மேலேறும், கொசுவமும் கூடவே குலையும்.