வால்டேர் சொன்னதா இது?

“‘நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று பொன்மொழிப் புத்தகத்தில் வால்டேர் பெயரில் இருக்கிறது. எந்த நூலில் எழுதினார்?”

எதிலும் இல்லைங்க. நூல் பெயரோ கடிதத் தேதியோ போடாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். archive.org-இல் ஆங்கில வாசகத்தை மேற்கோள்குறிக்குள் போட்டு, ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் போங்கள். தடம் 1906-இல், ஈவ்லின் பியட்ரிஸ் ஹால் டாலன்டைர் என்ற புனைபெயரில் எழுதிய ‘வால்டேரின் நண்பர்கள்’ நூலில் நிற்கும். வால்டேர் இறந்ததோ 1778!

அந்தப் பக்கத்தில் மேற்கோளோடு நிறுத்தாமல் அடுத்த சொற்களையும் படியுங்கள்: ‘இதுவே இப்போது அவர் மனநிலை’. பிரெஞ்சு மெய்யியலாளர் எல்வேசியஸின் நூல் எரிக்கப்பட்டபோது வால்டேர் நின்ற நிலையை ஹால் தன் வார்த்தையில் சுருக்கியிருக்கிறார். மேற்கோள்குறி போட்டதுதான் வினை. 1939-இல் அவரே கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டார். அதனால் ஹால் பெயரையே போடுங்கள்.